பழைய பத்து ரூபாய்த் தாளில் கல்லில் செதுக்கிய தாடிக்காரர்: யார் இவர்?

லிந்துலை வாணி

எல்லாருக்கும் வணக்கம். மகளின் பாடசாலைக் கண்காட்சிக்குப் பழைய நாணயத்தாள் ஒன்று வைக்கப்போகிறோம். பத்து ரூபாய்த் தாள். வலது பக்கத்தில் தாடியோடு ஒரு மனிதர் நிற்கிறார். பார்க்கக் கற்சிலை மாதிரி இருக்கிறது. இரண்டு கையாலும் தட்டையாக எதையோ பிடித்திருக்கிறார். படத்துக்குக் கீழே பெயர் எதையும் காணவில்லை. திகதி 1974 என்று இருக்கிறது. இரண்டு கையெழுத்தில் ஒன்றைப் பெரேரா என்று வாசிக்க முடிகிறது. அதுதான் படத்தில் இருப்பவரின் பெயரா? அப்பா அகத்தியர் என்கிறார், பக்கத்து வீட்டு ஆசிரியர் கண்டி ராஜா என்கிறார். அட்டையில் என்ன எழுதுவது?

ஹற்றன் செல்வம்

ஆசிரியர் சொல்வதுதான் சரி வாணி. தாடி வைத்த மன்னர் என்றால் கடைசிக் கண்டி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இன்னொன்று, தாளில் வங்கியின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 'சிலோன்' என்று இருந்தால் அது 1972க்கு முந்தைய தாள். நாட்டின் பெயர் அந்த வருடம் மே 22ஆம் திகதி மாறியது. உயிரோடு இருப்பவர்களைத் தாளிலும் முத்திரையிலும் போடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

லிந்துலை வாணி

சிலோன் மத்திய வங்கி என்றுதான் இருக்கிறது அண்ணே. ஆனால் திகதி 1974 என்று தெளிவாக அச்சாகியிருக்கிறதே?

பண்டாரவளை முத்திரைப்பெட்டி

செல்வம் தம்பி சொன்ன 1972 கணக்கு முத்திரைக்குச் சரி, நாணயத்தாளுக்குச் சரிவராது. முத்திரையில் இருப்பது நாட்டின் பெயர். அதனால் 1972இல் 'சிலோன்' போய் 'ஸ்ரீ லங்கா' வந்துவிட்டது. தாளில் இருப்பது வங்கியின் பெயர். 1950இல் தொடங்கிய வங்கி தன் ஆங்கிலப் பெயரை 1985இல்தான் மாற்றிக்கொண்டது. ஆகவே 1979இல் வந்த பறவை, பூ, விலங்கு போட்ட தாள்களிலும் 'சிலோன்' இருக்கும். வாணியின் தாளில் 1974 என்ற திகதியும் சிலோன் என்ற பெயரும் சேர்ந்து வருவதில் ஒரு குழப்பமும் இல்லை.

இனிக் கையெழுத்துக்கு வருவோம். தாளில் உள்ள கையெழுத்துகள் படத்தில் இருப்பவருடையவை அல்ல. ஒன்று நிதி அமைச்சருடையது, மற்றது மத்திய வங்கி ஆளுநருடையது. 1974இல் நிதி அமைச்சர் கலாநிதி என். எம். பெரேரா. வாணி வாசித்த பெரேரா அவர்தான். படத்தில் யார் என்று கையெழுத்து சொல்லாது. ஆனால் தாளின் காலத்தைச் சரிபார்க்க அது மிகவும் உதவும். திகதி மங்கிப்போன தாள்களில் இந்த இரண்டு பெயர்களை வைத்தே காலத்தைப் பிடித்துவிடலாம். வன்னிநாயக்க 1965 முதல் 1970 வரை நிதி அமைச்சர். பெரேரா 1970 முதல் 1975 வரை. அவருக்குப் பின் 1977 வரை பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க.

ஆளுநர் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. தென்னக்கோன் என்ற பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்து ஆளுநராக இருந்தார்கள். டபிள்யூ. தென்னக்கோன் 1967 முதல் 1971 வரை, எச். ஈ. தென்னக்கோன் 1971 முதல் 1979 வரை. கையெழுத்தின் வால் பகுதியை மட்டும் பார்த்துத் தென்னக்கோன் என்று முடிவுகட்டினால் நான்கைந்து வருடம் பிசகிப்போகும். முதலெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரேராவோடு எச். ஈ. சேர்ந்து வந்தால் காலம் 1971க்கும் 1975க்கும் நடுவில். வாணியின் திகதி அதற்குள் பொருந்துகிறது.

படத்துக்கு வருகிறேன். ஓவியர் அந்த மனிதரைத் தோலும் துணியுமாக வரையவில்லை, கல்லாகவே வரைந்திருக்கிறார். அப்படியென்றால் அவர் பார்த்து வரைந்தது ஒரு நினைவுச் சின்னத்தை. ஆகவே நாம் தேட வேண்டியது தாடி வைத்த மன்னரை அல்ல, தாடி வைத்த கற்சிலையை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு அவர் காலத்து ஓவியங்கள் உண்டு. அவற்றில் நகையும் கனத்த உடுப்புமாக இருப்பார். இந்தத் தாளில் இருப்பவர் வெற்று மார்போடு நிற்கிறார். இது பொலன்னறுவையில் பொத்குல் விகாரைக்குப் பக்கத்துப் பாறையில் செதுக்கியிருக்கும் சிலை, சுமார் 11 அடி உயரம். மகா பராக்கிரமபாகு மன்னர் என்று வழங்கப்படுவது. 1960களின் கடைசியிலிருந்து 1977 வரை வந்த தாள்களில் இவர் இருக்கிறார்.

உயிரோடு இருப்பவரைப் போடுவதில்லை என்பதும் நிற்காது. சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு 1949இல் வந்த முத்திரையில் டி. எஸ். சேனாநாயக்க இருக்கிறார். அவர் இறந்தது 1952இல். இங்கிலாந்து மன்னர்களும் உயிரோடு இருக்கும்போதே போடப்பட்டவர்கள்தான்.

கொத்மலை சிவா

பராக்கிரமபாகு என்று அவ்வளவு உறுதியாக எழுதாதீர்கள் ஐயா. வாணியின் அப்பா சொன்னதைத் தூக்கிப்போடவும் முடியாது. அந்தச் சிலையில் கிரீடம் எங்கே? மன்னருக்குரிய ஆபரணம் எங்கே? கையில் இருப்பது ஓலைச்சுவடி. தாடி, சுவடி, வெற்று மார்பு எல்லாம் முனிவரின் அடையாளம். அகத்தியர் என்று சொன்ன அறிஞர்கள் இருக்கிறார்கள். புலத்தியர் என்று சொன்னவர்களும் உண்டு. பொலன்னறுவையின் பழைய பெயரே புலத்திபுரம்தானே.

ஹற்றன் செல்வம்

கையில் இருப்பது சுவடி இல்லை, நுகத்தடி என்று வாசித்திருக்கிறேன். ஆட்சிப் பாரத்தின் சின்னமாம். அப்படியானால் மன்னர்தான்.

பண்டாரவளை முத்திரைப்பெட்டி

சிவா சொன்ன சந்தேகம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன, அவற்றைப் பிரித்துப் பாருங்கள். பாறையில் சிற்பி யாரைச் செதுக்கினான் என்பது ஒன்று. தாளை வெளியிட்டவர்கள் யாரைக் காட்ட நினைத்தார்கள் என்பது மற்றது.

முதல் கேள்விக்கு இன்னும் முடிவு இல்லை. சிலைக்குப் பக்கத்தில் பெயர் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. கையில் இருக்கும் பொருளைச் சுவடி என்று பார்த்தால் முனிவர் பக்கம் சாய்கிறது, நுகம் என்று பார்த்தால் மன்னர் பக்கம் சாய்கிறது. கல் தேய்ந்திருப்பதால் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. தாள் பட்டியல்கள் எல்லாம் இதைப் பராக்கிரமபாகு மன்னர் சிலை என்றே பதிகின்றன. மக்கள் நாவிலும் அது அப்படித்தான் வழங்குகிறது. அதற்கு முன்பும் பின்பும் வந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தாலும் அதுதான் பொருந்தும். 1951 தாள்களில் ஆறாம் ஜோர்ஜ். 1952இலிருந்து எலிசபெத் ராணி. 1956இலிருந்து மனித முகமே இல்லை, நாட்டின் இலச்சினை மட்டும். 1959இல் கொலையுண்ட எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1962இலிருந்து வருகிறார். அதன்பின் பராக்கிரமபாகு. 1970இல் ஆட்சி மாறியதும் 50, 100 ரூபாய்த் தாள்களில் பண்டாரநாயக்க திரும்பி வருகிறார். எல்லாருமே ஆட்சியோடு சேர்ந்தவர்கள். அந்த இடத்தில் வந்து நிற்பவர் ஒரு முனிவராக இருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அட்டையில் இப்படி எழுதலாம் வாணி: "பொலன்னறுவை பொத்குல் விகாரைச் சிலை. பராக்கிரமபாகு மன்னர் எனக் கருதப்படுவது. முனிவர் ஒருவரின் சிலை என்ற கருத்தும் உண்டு." பிள்ளை அப்படி எழுதினால் நடுவர் கேள்வி கேட்டாலும் பதில் இருக்கும்.

கொத்மலை சிவா

அந்த வாசகத்தை ஏற்கிறேன். ஆனால் தாளில் முனிவர் வர முடியாது என்ற வாதம் எனக்குப் போதாது. 1979இல் தாளில் மனிதரே இல்லாமல் பறவையும் பூவும் வந்தனவே. வரிசை எப்போது வேண்டுமானாலும் உடையும்.

பண்டாரவளை முத்திரைப்பெட்டி

உடையும், ஒப்புக்கொள்கிறேன். வரிசை துணைச்சான்று மட்டுமே. பட்டியலும் வழக்கும் இல்லாமல் வரிசையை மட்டும் வைத்து நான் பெயர் சொல்லமாட்டேன்.

பதுளை நிசாம்

இந்தத் தாள் இப்போது என்ன விலை போகும்? என்னிடமும் இரண்டு இருக்கிறது. விற்கலாமா?

பண்டாரவளை முத்திரைப்பெட்டி

நிசாம், இங்கே கேள்வி விலையைப் பற்றியது இல்லை. விலை மடிப்பு, கிழிசல், கையெழுத்துச் சோடி இவற்றைப் பொறுத்தது. தாளைக் கழுவவோ இஸ்திரி போடவோ வேண்டாம் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன்.

பதுளை நிசாம்

சரி ஐயா. அப்படியானால் ஆளைப் பற்றியே ஒரு கேள்வி. சிவனொளிபாதமலை போட்ட 3 சத முத்திரை இரண்டு இருக்கிறது. மலை இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் மூலையில் இருக்கும் ராஜாவின் தலை வேறு மாதிரித் தெரிகிறது. ஒன்று போலியா?

பண்டாரவளை முத்திரைப்பெட்டி

போலி என்று நினைக்கக் காரணம் இல்லை. அநேகமாக இரண்டு வெளியீடுகள் உங்களிடம் இருக்கின்றன. 1935இல் காட்சி முத்திரை வரிசை ஒன்று வந்தது. றப்பர் பால் வெட்டுதல், சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம், தேயிலை கொய்தல், தலதா மாளிகை என்று போகும். அவற்றில் ஐந்தாம் ஜோர்ஜின் தலை. அவர் 1936 ஜனவரியில் இறந்தார். 1938இல் பல காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு ஆறாம் ஜோர்ஜின் தலையை மாற்றிப் போட்டார்கள்.

பிரிப்பது லேசு. முதலில் முகவாயைப் பாருங்கள். ஐந்தாம் ஜோர்ஜுக்குத் தாடி உண்டு, ஆறாம் ஜோர்ஜுக்கு மழித்த முகம். தபால் முத்திரைக் குத்து முகத்தின் மேல் விழுந்திருந்தால் தலையை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். 1935 வரிசையில் தபாலுக்கும் அரசிறைக்கும் உரியது என்று ஆங்கிலத்தில் 'போஸ்டேஜ் அன்ட் ரெவினியூ' என்ற சொற்கள் இருக்கும். 1938 வரிசையில் அதை எடுத்துவிட்டார்கள். முகம் முழுக்க மறைந்திருந்தாலும் அந்தச் சொற்கள் இருந்தால் ஐந்தாம் ஜோர்ஜ், இல்லாவிட்டால் ஆறாம் ஜோர்ஜ். ஆனால் இந்த இரண்டு வரிசைக்குள் மட்டும்தான் இந்தக் கணக்கு செல்லும். அதைவிடப் பழைய முத்திரைகளிலும் அந்தச் சொற்கள் வருவதுண்டு.

நானுஓயா தமிழரசி

தேயிலை கொய்தல் முத்திரையில் இருக்கும் பெண் யார் என்று எங்கேயாவது பதிவு இருக்கிறதா? நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி மன்னரோடு ஒரே முத்திரையில் இருக்கிறாள். பெயர் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பண்டாரவளை முத்திரைப்பெட்டி

அந்த 9 சத முத்திரையில் பெயர் இல்லை தமிழரசி. வெளியிட்டவர்கள் காட்ட நினைத்தது தொழிலை. அதனால்தான் தலைப்பும் 'தேயிலை கொய்தல்' என்று தொழிலின் பெயராக இருக்கிறது. சிகிரியாப் பெண்களைப் போட்ட முத்திரைகளும் அப்படித்தான். முத்திரையில் உருவம் இருந்தால் முதலில் இது ஆளா, தொழிலா, கலைப்பொருளா என்று பிரித்துவிட வேண்டும். ஆள் என்றால் மட்டும் பெயர் தேடலாம். அச்சுக்கு மூலமான புகைப்படம் கிடைத்து, அதை எடுத்த தோட்டமும் தெரிந்தால் அந்தப் பெண்ணையும் தேடலாம். முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது.

நானுஓயா தமிழரசி

நன்றி அண்ணா. இன்னொன்றும் கேட்கிறேன். நுவரெலியா வட்டக் குத்து விழுந்த 6 சத முத்திரை ஒன்று. காட்சி கிடையாது, நடுவில் ராஜாவின் தலை மட்டும். தாடி தெரிகிறது, நெற்றியும் தலையின் மேல்பகுதியும் குத்து மையில் மூழ்கிவிட்டன. வருடத்தை இரண்டு இலக்கத்தில் குத்தியிருக்கிறார்கள், அதில் முதல் '1' மட்டும் தெரிகிறது, அடுத்த இலக்கம் இல்லை. ஏழாம் எட்வேர்டா, ஐந்தாம் ஜோர்ஜா?

ஹற்றன் செல்வம்

நாணயத்தில் எட்வேர்ட் வலப்பக்கம் பார்ப்பார், ஜோர்ஜ் இடப்பக்கம் பார்ப்பார். திசையைப் பாருங்கள்.

பண்டாரவளை முத்திரைப்பெட்டி

நாணயத்துக்கு அது சரி தம்பி. முத்திரைக்கு அந்த வழக்கம் கிடையாது. இங்கிலாந்து முத்திரைகளில் இரண்டு பேருமே இடப்பக்கம்தான் பார்ப்பார்கள். திசையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

தமிழரசி, வழக்கமாக இந்த இருவரையும் பிரிப்பது தலையின் மேல்பகுதிதான். எட்வேர்டுக்கு முன்தலை வழுக்கை, ஜோர்ஜுக்கு வகிடெடுத்த முடி. உங்கள் முத்திரையில் அதே இடம் மறைந்துவிட்டது. அதனால் காகிதத்துக்குள் பதிந்திருக்கும் நீர்க்குறியைப் பாருங்கள். கறுப்புத் தட்டில் முத்திரையைக் கவிழ்த்து வைத்து, லைட்டருக்கு ஊற்றும் பெற்றோலில் ஓரிரு துளி விடுங்கள். சில விநாடிகளுக்குக் குறி கருமையாகத் தெரியும், பிறகு காய்ந்துவிடும். அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் செய்யாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தண்ணீர் விடவே வேண்டாம். அந்தக் காலத்து மைகள் சில தண்ணீரில் கரைந்து ஓடும்.

கிரீடமும் 'சி.ஏ.' எழுத்துகளும் தெரியும். எழுத்து கைகொண்டு எழுதியது போல் வளைந்து இருந்தால் 1921க்குப் பிந்திய காகிதம். 1910இல் இறந்த எட்வேர்டுக்கு அது பொருந்தாது, ஜோர்ஜ் என்று முடித்துவிடலாம். ஒரு முத்திரைக்கு ஒரே ஒரு கிரீடம் என்று பெரிதாக இருந்தால் எட்வேர்ட் பக்கம் சாயும். நேர் எழுத்தும் சிறு கிரீடமும் பல முறை அடுத்தடுத்து வந்தால் சிக்கல். அந்தக் காகிதம் 1904இலிருந்து 1921 வரை இரண்டு பேருக்கும் பயன்பட்டது.

நானுஓயா தமிழரசி

பார்த்தேன். நேர் எழுத்து, சிறு கிரீடம், ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. அந்தச் சிக்கலில்தான் நிற்கிறேன். குத்தில் இருக்கும் '1' 1910களைத்தானே சொல்லும்? அப்படியென்றால் ஜோர்ஜ்?

பண்டாரவளை முத்திரைப்பெட்டி

குத்தின் வருடம் முத்திரை எப்போது பாவிக்கப்பட்டது என்பதைத்தான் சொல்லும், எப்போது அச்சானது என்பதை அல்ல. எட்வேர்ட் இறந்ததும் அவர் முத்திரைகள் செல்லாமல் போகவில்லை. கையிருப்பு முடியும் வரை தோட்டப் பக்கத்துத் தபாலகங்களில் விற்றிருப்பார்கள். இலங்கையில் ஐந்தாம் ஜோர்ஜ் முத்திரைகள் 1912இல்தான் தொடங்கின. ஆகவே 1910, 1911 என்றால் எட்வேர்டுதான். 1912க்குப் பிறகு என்றால் இரண்டு பேரும் இருக்கலாம். அந்த ஒரு இலக்கம் இல்லாமல் உறுதியாகச் சொல்லமாட்டேன். 1200 புள்ளி அடர்த்தியில் வருடி ஒரு படம் போடுங்கள். பச்சை, சிவப்பு அலைவரிசைகளைத் தனித்தனியாகப் பிரித்தால் கறுப்புக் குத்து மையின் கீழே நெற்றிக்கோடு தெரிய வாய்ப்பு உண்டு. முத்திரையின் நிறமும் கறுப்பாக இருந்தால் அதுவும் உதவாது.

நானுஓயா தமிழரசி

நிறம் சிவப்பு. நாளைக்குப் படம் போடுகிறேன்.

லிந்துலை வாணி

அட்டை எழுதிவிட்டோம். அப்பாவுக்கு முனிவர் என்ற வரி இருப்பதில் சந்தோஷம். இப்போது அவர் பெட்டியிலிருந்து இன்னொரு தாளை எடுத்துத் தந்திருக்கிறார், அதில் ஆறாம் ஜோர்ஜ் ராஜா. பின்பக்கத்தில் தமிழ் இருக்கிறது, அதனால் இலங்கைத் தாள் என்கிறார்.

கொத்மலை சிவா

தமிழை மட்டும் பார்க்காதீர்கள். இந்தியத் தாள்களிலும் பெறுமதி தமிழில் இருக்கும், அதே ராஜாவும் இருப்பார். தலைமன்னார் வழியாகப் போய்வந்த குடும்பங்களின் பெட்டியில் அந்தத் தாள்கள் கிடப்பது சகஜம். சிங்கள எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இலங்கை. பல இந்திய மொழிகள் வரிசையாக இருந்தால் இந்தியா. முன்பக்கத்தில் வெளியிட்டவர் பெயர் இலங்கை அரசாங்கமா, இந்திய ரிசர்வ் வங்கியா என்றும் வாசியுங்கள்.

லிந்துலை வாணி

சிங்களம் இல்லை. ஏழெட்டு மொழி இருக்கிறது. ரிசர்வ் வங்கிதான்.